கெபாசிட்டர் கணக்குப்படி நிறையவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் 470 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரும் 100 கிலோஓம் ரெசிஸ்டரும் கிடைத்துவிடும். ஒரு 10 வோல்ட் சப்ளை, ஒரு டோக்கிள் ஸ்விட்ச், ஒரு மீட்டர் சேர்த்தால் ஆர்.சி. சோதனை தயார். கால மாறிலி, அதாவது 63 சதவீதம் நிறைய ஆகும் நேரம், 47 விநாடி. ஸ்டாப்வாட்ச் வைத்துக் கையாலேயே எழுதிவிடலாம் என்பதால்தான் இந்த அளவுகளை நான் எப்போதும் எடுத்துக்கொள்கிறேன். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று பல ஊர்களிலிருந்து செய்முறை கற்க வரும் பிள்ளைகள் இதே சுற்றைத்தான் முதலில் கட்டுகிறார்கள். கட்டி முடித்ததும் வரும் புகார்களும் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்தப் புகார்களையே தலைப்பாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எப்படிப் பிடிப்பது என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு சமன்பாடு. நிறைவதற்கு ஒன்று, வடிவதற்கு ஒன்று என்று தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டுக்கும் இது போதும்:

```
v(t) = V∞ + (V0 − V∞) · e^(−t/τ)
τ = R · C
```

τ என்பதுதான் கால மாறிலி. V0 என்பது கெபாசிட்டர் எங்கிருந்து புறப்படுகிறது என்பது. V∞ என்பது எதை நோக்கிப் போகிறது என்பது. R என்பது கெபாசிட்டரின் இரு கால்களிலிருந்து பார்த்தால் தெரியும் மொத்தத் தடை. நீங்கள் சொருகிய ரெசிஸ்டரின் மதிப்பாகவே அது இருக்க வேண்டும் என்பதில்லை. கீழே வரும் கோளாறுகள் ஏறக்குறைய எல்லாமே இந்த மூன்றில் ஒன்றைத் தவறாக எடுத்துக்கொண்டதால் வருபவை. சமன்பாடு சரியாகத்தான் இருக்கும், அதில் போட்ட எண்தான் உங்கள் மேஜை மேல் இருக்கும் சுற்றுக்கு உரியதாக இருக்காது.

## "பத்து வோல்ட்டுக்கு ஏறவே மாட்டேங்குது சார்"

அதிகமாக வரும் புகார் இதுதான். காரணம் மூன்று நான்கு இருக்கலாம் என்பதால் இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதல் கேள்வி: எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? 47 விநாடியில் 63 சதவீதம்தான் நிறையும். மூன்று நிமிடத்தில் 9.78 வோல்ட். ஐந்து கால மாறிலி, அதாவது நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் கடந்தால்தான் 9.93 வோல்ட்டைத் தொடும். ஐந்து நிமிடம் விட்டும் ஏறவில்லை என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

இரண்டாவது கேள்வி: எந்த மீட்டர்? கெபாசிட்டரின் குறுக்கே வைத்த வோல்ட்மீட்டரும் ஒரு ரெசிஸ்டர்தான். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகாஓம். அது 100 கிலோஓமுடன் சேர்ந்து வோல்ட்டேஜைப் பிரித்துக்கொள்ளும்போது கெபாசிட்டருக்குக் கிடைக்கும் இறுதி மதிப்பு 9.90 வோல்ட். ஒரு சதவீதக் குறைவு, விட்டுவிடலாம். ஆனால் முள் மீட்டர் அப்படி இல்லை. முகப்பில் ஒரு வோல்ட்டுக்கு 20 கிலோஓம் என்று போட்டிருந்தால், 10 வோல்ட் ரேஞ்சில் அதன் தடை 200 கிலோஓம் மட்டுமே. அப்போது

```
V∞ = 10 × 200 / (100 + 200) = 6.67 V
```

பத்து நிமிடம் காத்திருந்தாலும் 6.67-க்கு மேல் போகாது. முழு விலகலுக்கு 1 மில்லிஆம்பியர் எடுக்கும் பேனல் மீட்டராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 10 வோல்ட்டுக்கு அதன் தடை வெறும் 10 கிலோஓம். இறுதி மதிப்பு 0.91 வோல்ட்டிலேயே நின்றுவிடும். கெபாசிட்டர் செத்துப்போச்சு என்று தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று சொருகுவார்கள். அதுவும் 0.91 காட்டும்.

மீட்டர்தான் குற்றவாளியா என்று உறுதிசெய்ய ஒரு சுலபமான வழி உண்டு. மீட்டரை எடுத்துவிட்டு கெபாசிட்டரை ஐந்து நிமிடம் தனியாக நிறைய விடுங்கள். பிறகு ப்ரோபைத் தொட்டு வையுங்கள். தொட்டவுடன் 10-க்கு அருகே காட்டி, அங்கிருந்து முள் மெதுவாக இறங்கத் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், மீட்டர்தான் இழுக்கிறது. தொட்டவுடனேயே குறைவாகக் காட்டினால் பிரச்சினை கெபாசிட்டரிலோ சப்ளையிலோ இருக்கிறது.

மீட்டரின் சுமை V∞-ஐ மட்டும் மாற்றுவதில்லை, கால மாறிலியையும் மாற்றுகிறது. கெபாசிட்டரின் கால்களிலிருந்து பார்த்தால் 100 கிலோஓமும் 200 கிலோஓமும் பக்க இணைப்பில் நிற்கின்றன. மொத்தம் 66.7 கிலோஓம். கால மாறிலி 47-க்குப் பதில் 31.3 விநாடி. ஆக, இலக்கு குறைந்து, அந்தக் குறைந்த இலக்கை வேகமாகவே எட்டுகிறது. வரைபடம் பார்க்க அழகான வளைகோடாக இருக்கும். வடிவத்தை மட்டும் பார்த்தால் பிழை இருப்பதே தெரியாது.

முள் மீட்டர் தவிர வேறு இல்லை என்றால் என்ன செய்யலாம்? மீட்டரை கெபாசிட்டருக்குப் பதில் ரெசிஸ்டரின் குறுக்கே வையுங்கள். இப்போது மீட்டர் வழியே போகும் மின்னோட்டமும் கெபாசிட்டருக்குள்ளேதான் போகிறது. வெளியே எங்கும் வடிவதில்லை. எனவே கெபாசிட்டர் முழு 10 வோல்ட்டுக்கும் ஏறும், மீட்டர் 10-இல் தொடங்கி 0-க்கு இறங்கும். கால மாறிலி மட்டும் அதே 31.3 விநாடியாகவே இருக்கும், ஏனென்றால் R இன்னும் 66.7 கிலோஓம்தான். ஆனால் அந்த மதிப்பு நமக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு இந்த இணைப்பு மிகவும் பிடிக்கும். ரெசிஸ்டரின் வோல்ட்டேஜ் என்பது மின்னோட்டத்தின் நேரடிப் படம். மின்னோட்டம் எப்படிக் குறைகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

மூன்றாவது சந்தேகம், கெபாசிட்டரின் கசிவு. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குள் மின்காப்பாக இருப்பது அலுமினியத்தின் மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலம். கடையில் நெடுநாள் சும்மா கிடந்த சரக்கில் அந்தப் படலம் நலிந்துபோயிருக்கும். முதல் முறை நிறைக்கும்போது கசிவு அதிகமாக இருக்கும். வோல்ட்டேஜ் கொடுத்து வைத்திருக்க வைத்திருக்கப் படலம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், கசிவும் குறையும். இதன் அடையாளம்: முதல் சுற்றில் 9.2, அடுத்த சுற்றில் 9.5, அதற்கடுத்து 9.7 என்று இறுதி மதிப்பு சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போகும். மீட்டரின் சுமை அப்படி மாறாது. எத்தனை முறை செய்தாலும் ஒரே எண்தான்.

கசிவை அளப்பதும் கஷ்டமில்லை. பத்து நிமிடம் நிறைய விட்டபின் டிஜிட்டல் மீட்டரை ரெசிஸ்டரின் குறுக்கே வையுங்கள். கசிவே இல்லாவிட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும். 0.3 வோல்ட் காட்டினால் 0.3-ஐ 100 கிலோஓமால் வகுங்கள்: 3 மைக்ரோஆம்பியர் கசிகிறது. அதனால்தான் கெபாசிட்டர் 9.7-இல் நிற்கிறது. வெப்பம் கூடினால் கசிவும் கூடும். கத்திரி வெயிலில் மாடி அறையில் எடுத்த அளவையும் மார்கழிக் காலையில் எடுத்த அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இறுதி மதிப்பில் சின்ன வித்தியாசம் இருப்பது இதனால்தான். சோதனை எழுதும் நோட்டில் அறை வெப்பநிலையையும் ஒரு ஓரத்தில் குறித்து வைக்கச் சொல்கிறேன்.

புதுக் கெபாசிட்டர், டிஜிட்டல் மீட்டர், போதுமான நேரம், எல்லாம் இருந்தும் சில வோல்ட்டிலேயே நின்றுவிடுகிறதா? கால்களைப் பாருங்கள். உடம்பில் வெள்ளைப் பட்டை ஓடும் பக்கம் மைனஸ். திருப்பிப் போட்டால் ஆக்சைடு படலம் தலைகீழ் வோல்ட்டேஜைத் தாங்காமல் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். நம் சுற்றில் 100 கிலோஓம் நடுவில் இருப்பதால் ஆபத்து இல்லை. அதே தவற்றைச் சிறிய ரெசிஸ்டருடன் அல்லது நேரடியாக சப்ளையில் செய்தால் கெபாசிட்டர் சூடாகி வெடித்துவிடும். முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்க வேண்டாம். ஒருமுறை திருப்பிப் போட்ட கெபாசிட்டரை அளவெடுக்க மறுபடி பயன்படுத்தவும் வேண்டாம்.

## "நேரம் ஒத்து வரலை"

இறுதி மதிப்பு சரியாக இருக்கிறது, ஆனால் 63 சதவீதம் ஏற 47 விநாடிக்குப் பதில் 51 விநாடி ஆகிறது. இது கோளாறே இல்லை. கெபாசிட்டர் மேல் 470 என்று அச்சிட்டிருந்தாலும் இவ்வகைக் கெபாசிட்டர்களுக்குப் பொதுவான விலகல் வரம்பு கூட்டியோ குறைத்தோ 20 சதவீதம். 376-இலிருந்து 564 மைக்ரோஃபாரட் வரை எது இருந்தாலும் அது நல்ல சரக்குதான். அப்படிப் பார்த்தால் கால மாறிலி 37.6-இலிருந்து 56.4 விநாடி வரை எங்கும் வரலாம். அந்த வரம்புக்குள் இருந்தால், "என் கெபாசிட்டரின் உண்மையான மதிப்பு 510" என்று நோட்டில் எழுதிவிட்டு மேற்கொண்டு அதையே பயன்படுத்துங்கள். 47 வரவேண்டும் என்று அளவுகளைத் திருத்தி எழுதும் பழக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த 51-தான் உங்கள் கையில் இருக்கும் பொருளைப் பற்றிய உண்மை.

கால மாறிலி ஐந்து விநாடிக்குள் வந்துவிட்டால் ரெசிஸ்டர் தவறு. நாலு பட்டை ரெசிஸ்டரில் பழுப்பு, கறுப்பு, மஞ்சள் என்றால் 100 கிலோஓம். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10 கிலோஓம்தான். இப்போது அதிகம் கிடைக்கும் நீல நிற ஐந்து பட்டை ரெசிஸ்டரிலோ பழுப்பு, கறுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்பதுதான் 100 கிலோஓம். நாலு பட்டைக்குப் பழகிய கண் அதில் ஆரஞ்சைப் பார்த்ததும் 10 கிலோஓம் என்று ஒதுக்கிவிடும். டியூப்லைட் வெளிச்சத்தில் நீல உடம்பின் மேல் பழுப்பும் சிவப்பும் பிரித்துச் சொல்வதே கஷ்டம். நிறத்தை நம்பாமல், சொருகும் முன் ஓம் ரேஞ்சில் ஒருமுறை அளந்துவிடுவதே உத்தமம். அளக்கும்போது ரெசிஸ்டரின் இரண்டு கால்களையும் விரலால் பிடிக்காதீர்கள். உடம்பின் தடை உலர்ந்த கையில் சில நூறு கிலோஓம், வியர்த்த கையில் இன்னும் குறைவு. மே மாதத்தில் 100 கிலோஓம் ரெசிஸ்டர் 80 என்று காட்டினால் ரெசிஸ்டரைக் குறைசொல்லும் முன் கையைத் துடையுங்கள். ஒரு காலை பிரெட்போர்டில் குத்தி அளந்தால் இந்தத் தொல்லை வராது.

ஸ்டாப்வாட்ச் பற்றியும் ஒரு வார்த்தை. தொடக்கத்தில் வோல்ட்டேஜ் விநாடிக்கு 0.2 வோல்ட் வேகத்தில் ஏறுகிறது. ஸ்விட்சைத் தட்டுவதற்கும் வாட்சை அழுத்துவதற்கும் இடையே ஒரு விநாடி போனால் முதல் அளவுகள் எல்லாம் 0.2 வோல்ட் பிசகும். மீட்டரையும் போனின் ஸ்டாப்வாட்சையும் ஒரே சட்டத்தில் வைத்து இன்னொரு போனில் வீடியோ எடுத்துவிட்டு, பிறகு நிறுத்தி நிறுத்திப் படிப்பதே இப்போது என் வகுப்பில் வழக்கம்.

## "ஆரம்பமே பூஜ்யத்திலிருந்து வரலை"

ஒரு சுற்று முடிந்ததும் கெபாசிட்டரின் கால்களை ஒரு கம்பியால் ஒரு நொடி இணைத்து எடுத்துவிட்டு, அடுத்த சுற்றைத் தொடங்குகிறார்கள். மீட்டர் 0 காட்டியது உண்மைதான். ஆனால் கம்பியை எடுத்ததும் வோல்ட்டேஜ் தானாக மெல்ல மேலே ஊர்ந்து வரும். காப்புப் படலத்துக்குள் ஊறியிருந்த மின்னூட்டத்தில் ஒரு பகுதி மெதுவாகத்தான் வெளியேறும். எலக்ட்ரோலிட்டிக் வகையில் இது நன்றாகவே கண்ணுக்குத் தெரியும்.

இது எவ்வளவு நுட்பமாக ஏமாற்றும் என்று பாருங்கள். உண்மையான மதிப்பு 510 மைக்ரோஃபாரட், டிஜிட்டல் மீட்டர் குறுக்கே இருக்கிறது. கால மாறிலி 50.5, V∞ 9.90. கெபாசிட்டர் 0.6 வோல்ட்டிலிருந்து புறப்படுகிறது என்று வையுங்கள். 6.32 வோல்ட்டை எட்டும் நேரம்:

```
t = 50.5 × ln[(9.90 − 0.6) / (9.90 − 6.32)]
  = 50.5 × ln(2.60) ≈ 48 s
```

48 விநாடி! கணக்கு சொன்ன 47-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கெபாசிட்டர் அச்சிட்ட மதிப்பைவிடப் பெரியது, புறப்பட்ட இடமும் பூஜ்யம் அல்ல. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு சரியான விடை போல நிற்கின்றன. அதே கெபாசிட்டரை வடிய விட்டு அளந்தால் 50.5 வரும், அப்போதுதான் குட்டு உடையும்.

சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே 100 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கால்களை இணைத்து இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். வெறும் கம்பியைவிட அது நல்லது, தீப்பொறி வராது. இணைப்பை எடுத்தபின் அரை நிமிடம் மீட்டரைப் பாருங்கள். ஊர்ந்து வந்தால் மறுபடி இணையுங்கள். அப்படியும் மிச்சம் இருந்தால் அந்த மதிப்பை V0 என்று எழுதிக்கொண்டு சமன்பாட்டில் போடுங்கள். பூஜ்யம் என்று எழுதாதீர்கள்.

## "வடியும்போது நடுவுல நின்னுடுது"

வடிதலைச் சோதிக்க மிகச் சிறந்த வழி பாதியாகும் நேரங்களை ஒப்பிடுவது. 8 வோல்ட்டிலிருந்து 4-க்கு வர எவ்வளவு நேரம், 4-லிருந்து 2-க்கு எவ்வளவு, 2-லிருந்து 1-க்கு எவ்வளவு? பூஜ்யத்தை நோக்கி ஒழுங்காக வடிந்தால் மூன்றும் சமமாக இருக்க வேண்டும். நம் 510 மைக்ரோஃபாரட் சுற்றில் ஒவ்வொன்றும் 0.693 × 50.5, அதாவது 35 விநாடி. லாகரிதம், வரைபடத் தாள் எதுவும் வேண்டாம். வாட்ச் ஒன்று போதும்.

ஒரு குழு எழுதிய அளவு இப்படி இருந்தது: முதல் பாதிக்கு 51 விநாடி, இரண்டாம் பாதிக்கு 103 விநாடி, 1 வோல்ட்டுக்கு வரவே இல்லை. நேரம் நீண்டுகொண்டே போகிறது என்றால் கெபாசிட்டர் பூஜ்யத்தை நோக்கிப் போகவில்லை, வேறு எங்கோ போகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க, வடிய விடுவதற்கு என்ன செய்தீர்கள் என்று அவர்களைக் கேட்டேன்.

"சப்ளை ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டோம் சார்."

அங்கேதான் விஷயம். சப்ளையை அணைப்பதும் கெபாசிட்டரை ரெசிஸ்டர் வழியாகத் தரையோடு இணைப்பதும் ஒன்றல்ல. அணைத்த சப்ளை உள்ளே என்ன இருக்கிறதோ அதைப் பொறுத்து நடந்துகொள்ளும். அந்தச் சப்ளையில் வெளியீட்டின் குறுக்கே ஒரு சிவப்பு விளக்கு, அதாவது எல்.இ.டி. இருந்தது. சிவப்பு எல்.இ.டி. ஏறக்குறைய 1.7 வோல்ட்டுக்குக் கீழே மின்னோட்டத்தை விடாது. எனவே கெபாசிட்டரின் V∞ பூஜ்யம் அல்ல, 1.7. போட்டுப் பாருங்கள்:

```
8 → 4 :  50.5 × ln(6.3 / 2.3) ≈ 51 s
4 → 2 :  50.5 × ln(2.3 / 0.3) ≈ 103 s
```

அவர்கள் எழுதிய எண்களே வந்துவிடுகின்றன. அளவு எடுத்ததில் ஒரு தவறும் இல்லை. மிகக் கவனமாகத்தான் எடுத்திருந்தார்கள். அளந்த சுற்றுதான் வேறு.

மூன்று கால் டோக்கிள் ஸ்விட்ச் வாங்கி, நடுக்காலை ரெசிஸ்டரோடும், ஒரு பக்கக் காலை சப்ளையின் பிளஸோடும், மறுபக்கக் காலைத் தரையோடும் இணையுங்கள். ஒரு பக்கம் தட்டினால் நிறையும், மறுபக்கம் தட்டினால் வடியும். சப்ளை ஓடிக்கொண்டே இருக்கலாம். நடுவில் மின்வெட்டு வந்தால் மட்டும் அந்தச் சுற்றின் அளவுகளை அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். நிறைந்துகொண்டிருந்த கெபாசிட்டர் அந்த நேரத்தில் அணைந்த சப்ளைக்குள் திரும்பி வடிந்திருக்கும், எவ்வளவு என்று சொல்ல முடியாது.

## "60-வது விநாடியில் மின்னோட்டம் கேட்டால் விடை வர மாட்டேங்குது"

தாளில் வரும் கேள்வி இது: 10 வோல்ட், 100 கிலோஓம், 470 மைக்ரோஃபாரட், பூஜ்யத்திலிருந்து நிறைகிறது. 60-வது விநாடியில் மின்னோட்டம் எவ்வளவு?

கால்குலேட்டரைத் தொடும் முன் விடை எந்த எல்லைக்குள் இருக்கும் என்று பார்த்துவிடுங்கள். தொடக்கத்தில் கெபாசிட்டர் காலி, முழு 10 வோல்ட்டும் ரெசிஸ்டர் மேல். மின்னோட்டம் 100 மைக்ரோஆம்பியர். அதற்கு மேல் ஒருபோதும் போகாது. ஒரு கால மாறிலியில், அதாவது 47-வது விநாடியில், 36.8. இரண்டு கால மாறிலியில், 94-வது விநாடியில், 13.5. கேட்டிருப்பது 60. ஆக விடை 36.8-க்கும் 13.5-க்கும் நடுவே, 36.8-க்குச் சற்று நெருங்கி இருக்க வேண்டும். இப்போது கணக்கு:

```
i = (V/R) · e^(−t/τ)
  = 100 µA × e^(−60/47)
  = 100 µA × 0.279 = 27.9 µA
```

விடை தவறினால், தவறிய எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். 72.1 மைக்ரோஆம்பியர் வந்தால், அந்த நேரத்தில் கெபாசிட்டரில் இருக்கும் 7.21 வோல்ட்டை ரெசிஸ்டரால் வகுத்திருக்கிறீர்கள். நிறையும்போது ரெசிஸ்டர் மேல் இருப்பது மிச்சம், அதாவது 10-இலிருந்து 7.21 போக 2.79 வோல்ட். 5.3 வந்தால் e பொத்தானுக்குப் பதில் 10-இன் அடுக்குப் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள். 358 வந்தால் மைனஸ் குறி விட்டுப்போயிற்று, 100-ஐத் தாண்டியதுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 99.9 வந்தால் 100-ஐயும் 470-ஐயும் பெருக்கிக் கிடைத்த 47,000-ஐ விநாடி என்று எடுத்துக்கொண்டீர்கள். கிலோஓமை மைக்ரோஃபாரடால் பெருக்கினால் வருவது மில்லிவிநாடி. 47,000 மில்லிவிநாடிதான் 47 விநாடி. மெகாஓமை மைக்ரோஃபாரடால் பெருக்கினால் நேராக விநாடியே வரும். 0.1 மெகாஓம் என்று எழுதிப் பழகினால் இந்தப் பிழை வராது.

வடியும்போது அதே 60-வது விநாடிக்கு விடையில் மைனஸ் வருகிறது என்று பதற வேண்டாம். மின்னோட்டம் இப்போது கெபாசிட்டரிலிருந்து வெளியே, எதிர்த்திசையில் ஓடுகிறது. 10 வோல்ட்டிலிருந்து வடிந்தால் அளவு அதே 27.9 மைக்ரோஆம்பியர்தான். ரெசிஸ்டரின் குறுக்கே மீட்டர் வைத்திருந்தால் திரையிலும் மைனஸ் தெரியும், முள் மீட்டராக இருந்தால் ப்ரோபை மாற்றிப் பிடிக்க வேண்டும்.

தாளில் 27.9 வந்தபின், மேஜை மேல் இருக்கும் சுற்றில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் அது தனிக் கணக்கு. முதல் புகாரில் சொன்ன 200 கிலோஓம் முள் மீட்டரை கெபாசிட்டரின் குறுக்கே வைத்து நிறைக்கும் குழுவை எடுத்துக்கொள்வோம். அவர்கள் கெபாசிட்டர் 510 மைக்ரோஃபாரட், எனவே கால மாறிலி 66.7 கிலோஓம் பெருக்கல் 510, அதாவது 34 விநாடி. 60-வது விநாடியில் மீட்டர் 5.53 வோல்ட் காட்டுகிறது. ரெசிஸ்டர் வழியே வருவது மிச்சமுள்ள 4.47 வோல்ட்டை 100 கிலோஓமால் வகுத்தால் 44.7 மைக்ரோஆம்பியர். அதில் மீட்டர் தனக்காக எடுத்துக்கொள்வது 5.53-ஐ 200 கிலோஓமால் வகுத்தால் 27.6. கெபாசிட்டருக்குப் போய்ச் சேர்வது மிச்சம், 17.1 மட்டுமே. சமன்பாட்டிலும் அதேதான் வருகிறது: 100 × e^(−60/34) = 17.1.

மீட்டரே இல்லாமல் இருந்திருந்தால் அதே கெபாசிட்டருக்கு கால மாறிலி 51 விநாடி, 60-வது விநாடியில் 30.8 மைக்ரோஆம்பியர் போயிருக்கும். எனவே "60-வது விநாடியில் மின்னோட்டம்" என்று நோட்டில் எழுதும்போது அது ரெசிஸ்டரில் ஓடுவதா, கெபாசிட்டருக்குள் போவதா, மீட்டர் எங்கே இருந்தது, அதன் உள்தடை என்ன என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். சோதனைக்கு மதிப்பெண் போடுகிறவர் 44.7-ஐப் பார்த்து 27.9-க்கு ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால், அந்த ஒரு வரியை வைத்து மூன்று எண்களையும் அவர் முன்னாலேயே கூட்டிக் காட்டிவிடலாம்: 27.6-உம் 17.1-உம் சேர்ந்தது 44.7.